பால் கணக்கு நோட்டில் இருந்த நான்கு எண்கள்

பொங்கலுக்கு மன்னார்குடி போயிருந்தபோது, பால்காரருக்கு எவ்வளவு பாக்கி என்று பார்க்க அப்பாவின் பால் கணக்கு நோட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் நான்கு எண்கள், அடியில் இரண்டு கோடு. என்ன இது என்று கேட்டதும் அப்பா சாதாரணமாகச் சொன்னார்: "அது பின் நம்பர்டா. தங்கச்சி கடைக்குப் போறப்ப மறந்துட்டா போன் பண்ணிக் கேப்பா. அதான் எழுதி வெச்சேன்."

அப்பாவுக்கு 76 வயது. தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் வரும் ஒரே கணக்கில்தான் சேமிப்பும் இருக்கிறது. மூட்டு வலியால் கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் தங்கைதான் மருந்து, காய்கறி, மளிகை எல்லாம் வாங்கித் தருகிறாள். அதற்காக அப்பாவின் போனையே கையில் எடுத்துக்கொண்டு போவாள். கடையில் க்யூஆரை ஸ்கேன் செய்து, பின்னைப் போட்டு, வீடு திரும்பியதும் போனைக் கொடுத்துவிடுவாள். அவள் போய்வரும் ஒரு மணி நேரத்துக்கு அப்பாவிடம் போன் இருக்காது. நான் அந்த நேரத்தில் அழைத்தால் தங்கைதான் எடுப்பாள். அவள் எடுத்து "அண்ணே, கடையில இருக்கேன்" என்று சொல்லும்போதெல்லாம், வீட்டில் தனியாக இருக்கும் மனிதரிடம் போன் இல்லையே என்று எனக்கு உறுத்தும். பின் நம்பர் உறுத்தியது அதற்கு அப்புறம்தான்.

தங்கை மேல் எனக்கோ அப்பாவுக்கோ சந்தேகம் இல்லை. ஆனால் மருந்துக் கடைக் கவுன்ட்டரில் பின்னால் நிற்பவர் எட்டிப் பார்த்தால்? போன் ஆட்டோவில் விழுந்துவிட்டால்? யுபிஐ பரிமாற்றத்துக்கு வேண்டியவை இரண்டு. வங்கியில் பதிவான சிம் உள்ள அந்தப் போன் ஒன்று, பின் இன்னொன்று. இரண்டும் ஒரே பையில் தெருவில் போய்க்கொண்டிருந்தன. சாதாரண யுபிஐக்கு ஒரு நாள் உச்சவரம்பு பொதுவாக ஒரு லட்ச ரூபாய். அதாவது 300 ரூபாய்க் காய்கறி வாங்க ஒரு லட்ச ரூபாய்க்கான சாவியைக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தோம். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும் அதே பின்தான்.

இதற்குத் தீர்வாக எனக்குத் தெரிந்தது யுபிஐ சர்க்கிள். 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதை அறிவித்தது, அதே மாதம் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ அதற்கான விதிமுறைகளை வெளியிட்டது. ஒருவருடைய வங்கிக் கணக்கில் இருந்து அவர் நம்பும் இன்னொருவர் தன் சொந்தப் போனில் பணம் செலுத்தலாம். கணக்கு வைத்திருப்பவர் முதன்மைப் பயனர், அவர் சேர்த்துக்கொள்பவர் துணைப் பயனர். துணைப் பயனருக்கு யுபிஐயோடு இணைந்த சொந்த வங்கிக் கணக்கு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. முதன்மைப் பயனர் ஐந்து பேர் வரை சேர்க்கலாம். துணைப் பயனரோ ஒருவருக்கு மட்டும்தான் துணையாக இருக்க முடியும். இந்தக் கடைசி விதியைப் படித்தபோது அது எங்கள் வீட்டிலேயே குறுக்கே வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அனுமதி கொடுப்பதில் இரண்டு வகை. ஒன்றில், தங்கை ஒவ்வொரு முறை ஸ்கேன் செய்யும்போதும் அப்பாவின் போனுக்குக் கோரிக்கை போகும். அவர் தன் பின்னைப் போட்டால்தான் பணம் போகும். இதைப் பகுதி அனுமதி என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றில், அப்பா ஒரே ஒரு முறை பின்னைப் போட்டு மாதத்துக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்துவிடுவார். அதற்குள் தங்கை அவரைக் கேட்காமலே செலுத்தலாம். இது முழு அனுமதி.

சனிக்கிழமை காலை முதலில் பகுதி அனுமதியைத்தான் செய்து பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் அப்பாவின் ஒப்புதல் இருந்தால் அதுதானே பாதுகாப்பு என்று நினைத்தேன். அரை நாளில் அந்த நினைப்பு போய்விட்டது.

சேர்ப்பதிலேயே ஒரு சின்னத் தடங்கல். செயலியில் தங்கையின் எண்ணைக் கையால் தட்டிப் போட இடமே இல்லை. போனின் தொடர்புப் பட்டியலில் இருந்து எடுக்க வேண்டும், அல்லது அவளுடைய க்யூஆரை ஸ்கேன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அவளுடைய யுபிஐ முகவரியைக் கொடுக்க வேண்டும். விதிமுறையே அப்படித்தான். முன்பின் தெரியாத ஒருவன் போனில் பேசி "இந்த நம்பரைப் போடுங்க" என்று சொல்லிச் சேர்க்க வைப்பதைக் கொஞ்சமாவது கடினமாக்கும் ஏற்பாடு என்று நான் புரிந்துகொண்டேன். அப்பாவின் போனில் தங்கை "பாப்பா வீடு" என்று லேண்ட்லைன் எண்ணாக இருந்தாள். அவளுடைய செல் எண்ணை அவர் மனப்பாடமாகவே அடிப்பாராம். இருவரும் பக்கத்திலேயே இருந்ததால் க்யூஆரைக் காட்டச் சொல்லி ஸ்கேன் செய்தேன். நேரில் இருக்கும்போது அதுதான் நல்லது. தவறான ஆளைச் சேர்க்க வாய்ப்பே இல்லை.

தங்கையின் போனுக்கு அழைப்பு வந்தது. ஏற்றுக்கொள் என்பதைத் தட்டினாள். முடியவில்லை, அவள் ஏற்கனவே வேறொருவருக்குத் துணைப் பயனராம். அவளுக்கே நினைவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அய்யோ, அவர் போன வருஷம் வெளியூர் போனப்ப என்னைச் சேர்த்து விட்டாரு அண்ணே" என்றாள். மாப்பிள்ளை ஒரு மாதம் வெளியூர் வேலைக்குப் போனபோது சேர்த்தது, பயன்படுத்தாமல் அப்படியே கிடந்திருக்கிறது. அதில் இருந்து விலகிய பிறகுதான் அப்பாவுடையதை ஏற்க முடிந்தது. உங்கள் வீட்டில் இதைச் செய்யப் போகிறீர்கள் என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: துணையாக வரப்போகிறவர் ஏற்கனவே யாருடைய வட்டத்திலாவது இருக்கிறாரா? இருந்தால் எந்த வட்டம் முக்கியம் என்று முடிவு செய்தாக வேண்டும், இரண்டிலும் இருக்க வழியில்லை. தங்கைக்குச் சொந்தக் கணக்கும் யுபிஐயும் இருப்பதால் மாப்பிள்ளையின் வட்டத்தை விடுவதில் சிக்கல் இல்லை.

இணைத்து முடித்ததும் தங்கை மருந்துக் கடைக்குப் போனாள். 640 ரூபாய் பில். ஸ்கேன் செய்து, அப்பாவின் கணக்கைத் தேர்ந்தெடுத்து அனுப்பினாள். அப்பாவின் போன் மேசை மேல் கூவியது. எடுத்துப் பார்த்தார், கீழே வைத்துவிட்டார்.

"என்னப்பா, ஓகே பண்ணலையா?"

"பின் போடச் சொல்லுது. நீதானே சொன்ன, யாராவது அனுப்பிப் பின் போடச் சொன்னா போடக் கூடாதுன்னு."

சொன்னது நான்தான். பல வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவர் மனதில் ஏற்றிய பாடம் அது. "பணம் வருவதற்குப் பின் வேண்டாம், பின் கேட்டால் பணம் போகிறது என்று அர்த்தம், உடனே மூடிவிடுங்கள்." ஆளுக்கு ஆள் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை வைத்து அவ்வளவு ஏமாற்று நடந்தது. அதனால் 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கு இடையிலான அந்த வசதியையே என்பிசிஐ நிறுத்திவிட்டது. இப்போது நானே வந்து, "இந்தக் கோரிக்கைக்கு மட்டும் போடலாம்" என்று விதிவிலக்கு சொல்கிறேன். பெயரைப் பார், தொகையைப் பார், தங்கை கடையில் இருக்கிறாளா என்று யோசி, அப்புறம் போடு. 76 வயதில் கண்ணாடியைத் தேடிக்கொண்டே இவ்வளவும் செய்ய வேண்டும். அதற்குள் தங்கை இரண்டு முறை அழைத்துவிட்டாள், பின்னால் வரிசை நிற்கிறதாம்.

கோரிக்கைக்கு ஆயுள் பத்து நிமிடம். அதற்குள் ஒப்புதல் தராவிட்டால் அது காலாவதியாகிவிடும், திரும்ப அனுப்ப வேண்டும். மதியம் அப்பா தூங்கும்போது தங்கை காய்கறி வாங்கப் போய் அதுவும் நடந்தது. போன் சைலன்ட்டில் இருந்தது. பத்து நிமிடம் காத்திருந்து, கடைசியில் தன் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பகுதி அனுமதியில் தொகை வரம்பு பெரியது, வழக்கமான யுபிஐ உச்சவரம்பே பொருந்தும். ஒப்புதல் தருகிறவர் போனைக் கையில் வைத்திருக்கும் ஆளாக இருந்தால் நன்றாக வேலை செய்யும். கல்லூரி விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு நான் தரலாம். ஆனால் வயதானவர் முதன்மைப் பயனர் என்றால் இது தலைகீழாகத் திரும்புகிறது என்பது என் கருத்து. அடிக்கடி ஒப்புதல் கேட்டுக்கொண்டே இருந்தால், வருவதற்கெல்லாம் பின் போடும் பழக்கம் வந்துவிடும். நாளைக்கு ஒரு மோசடிக்காரன் வேறு வழியில் பின் கேட்டால் கை தானாகப் போகும். அப்பாவின் "போட மாட்டேன்" என்ற பிடிவாதத்தைக் கெடுக்க எனக்கு மனம் இல்லை. அன்று மாலையே முழு அனுமதிக்கு மாறினோம்.

முழு அனுமதி எல்லாச் செயலியிலும் இல்லை. அப்பா வழக்கமாகப் பயன்படுத்தும் செயலியில் தேடினேன், பகுதி அனுமதி மட்டும்தான் கிடைத்தது. பீம் செயலியில் 2025 நவம்பரில் முழு அனுமதி வந்தது என்று தெரியும். அதனால் இருவர் போனிலும் பீமை நிறுவி, அப்பாவின் வங்கிக் கணக்கை இணைத்தேன். வங்கியும் இதற்கு இசைந்திருக்க வேண்டும். கணக்கைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில்தான் அது தெரியவரும். அப்பாவின் வங்கி தடை சொல்லவில்லை.

இந்த முறை கேள்விகள் கூடுதலாக இருந்தன. சேர்க்கப்படுபவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டது, மகள் என்று கொடுத்தோம். தங்கையின் அடையாளச் சான்றும் வேண்டியிருந்தது. பகுதி அனுமதியில் ஒவ்வொரு முறையும் கணக்குக்குச் சொந்தக்காரரே பின் போடுகிறார். இங்கே அவர் இல்லாமலே பணம் போகும், அதனால் போகவைக்கும் ஆள் யார் என்று பதிவில் இருக்க வேண்டும். அது சரிதான். ஆதார் அட்டையை எடுத்துவர தங்கை மறுபடி இரண்டு தெரு நடந்தாள்.

அப்புறம் மாத வரம்பு. உச்சம் 15,000 ரூபாய், ஒரு பரிமாற்றத்துக்கு 5,000. அப்பா "பதினைஞ்சே போட்டு விடு, எதுக்குப் பிச்சுப் பிச்சு" என்றார். நான் ஒப்பவில்லை. வரம்பு என்பது, எல்லாம் தவறாகப் போனால் ஒரு மாதத்தில் எவ்வளவு இழக்கத் தயார் என்பதற்கான எண். பாஸ்புக்கை எடுத்து மூன்று மாதம் தங்கை மூலம் போன செலவுகளைக் கூட்டினோம். மருந்து மாதம் 2,900 அளவில் வந்தது. மளிகையும் காய்கறியும் சேர்ந்து 3,300 பக்கம். பழம், இளநீர், ஆட்டோ என்று 700. மொத்தம் 6,900. பால்காரர் ரொக்கம்தான் வாங்குவார், மின் கட்டணமும் கேஸும் நான் கட்டுகிறேன். கொஞ்சம் இடம் விட்டு 8,000 என்று வைத்தோம். டாக்டர் மருந்தை மாற்றினால் வரம்பை உயர்த்திக்கொள்ளலாம், அதற்கு அப்பாவின் பின் வேண்டும், அவ்வளவுதான்.

எத்தனை நாளைக்கு என்பதையும் கேட்கிறது. ஒரு மாதத்தில் இருந்து ஐந்து வருஷம் வரை கொடுக்கலாம். ஐந்து வருஷம் கொடுத்துவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை, மாப்பிள்ளையின் வட்டம் மறந்து கிடந்தது போல இதுவும் கிடக்கும். பென்ஷனுக்கு உயிர்ச் சான்று கொடுக்க ஒவ்வொரு நவம்பரிலும் நான் எப்படியும் ஊருக்கு வருவேன். அதனால் நவம்பர் வரை. அந்தப் பயணத்திலேயே இதையும் பார்த்துப் புதுப்பித்துவிடலாம்.

கடைசியாக அப்பாவின் பின். நோட்டில் இருந்ததைப் பார்த்துத்தான் போட்டார், ஆனால் தன் கையால், தன் போனில். இந்த ஏற்பாட்டில் அது ஒரு முறைதான் தேவைப்படுகிறது. "இந்த ஆள், இந்தக் கணக்கில், மாதம் இவ்வளவு வரை" என்று வங்கிக்குக் கொடுக்கும் கையெழுத்து போல. பழைய காலத்தில் வங்கியில் நிலையான உத்தரவு எழுதிக் கொடுப்போமே, அப்படி. அதற்குப் பிறகு தங்கையின் போனுக்குப் பின் போகவும் இல்லை, அங்கே அது தேவையும் இல்லை. அவள் செலுத்தும்போது, இது தங்கையின் போன்தானா, அதைத் திறந்தது அவளா என்பதுதான் பார்க்கப்படுகிறது. அதற்கு அவளுடைய கைரேகை, அல்லது அவள் போட்டுக்கொண்ட பூட்டு எண். செயலி இதைக் கட்டாயமாக்குகிறது, பூட்டே இல்லாத போனில் துணைப் பயனராக முடியாது.

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஓட்டை. தங்கையின் போனில் பூட்டு இருந்தது. ஆறாம் வகுப்புப் படிக்கும் அவள் மகனுக்கு அந்தப் பேட்டர்ன் தெரியும். தினமும் விளையாட அவன்தான் போனைத் திறக்கிறான். கைரேகை வேலை செய்யாவிட்டால் செயலி பேட்டர்னையே ஏற்றுக்கொள்ளும். ஆக, நாங்கள் இவ்வளவு பாடுபட்டு, அப்பாவின் கணக்கில் மாதம் 8,000 ரூபாயைப் பதினோரு வயதுப் பையனிடம் கொடுக்க இருந்தோம். பையன் நல்லவன்தான், ஆனால் விளையாட்டுச் செயலிகள் அப்படி இல்லை. தங்கை பேட்டர்னை எடுத்துவிட்டு ஆறு இலக்க எண் வைத்தாள். அவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான் என்று கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பரிமாற்றம். வேண்டுமென்றே சின்னத் தொகை, கறிவேப்பிலை கொத்தமல்லியோடு 85 ரூபாய்க் காய்கறி. நான் தங்கையோடு போனேன், அப்பா போனோடு வீட்டில். ஸ்கேன் செய்தாள், தொகை போட்டாள், எந்தக் கணக்கு என்ற இடத்தில் அப்பாவுடையதைத் தேர்ந்தெடுத்தாள், விரலை வைத்தாள், முடிந்தது. கடைக்காரரின் ஸ்பீக்கர் 85 ரூபாய் வந்ததாகக் கத்தியது. ஒரு நிமிடத்துக்குள் அப்பா அழைத்தார்: "எம்பத்தஞ்சு ரூபா போயிருக்குன்னு மெசேஜ் வந்துடுச்சு." வங்கியின் குறுஞ்செய்தி வழக்கம்போல அவர் எண்ணுக்குத்தான் போகிறது. செயலியிலும் தங்கை செலவழித்தது தனியாகத் தெரிகிறது. அப்பாவுக்கு இதுதான் மிகவும் பிடித்துப்போனது. முன்பு தங்கை அவர் போனையே எடுத்துப் போனதால், குறுஞ்செய்தியும் அவளோடு கடைக்குப் போய்விடும்.

தங்கைக்கு அப்பாவின் இருப்பு தெரியாது. இருப்பு பார்க்கப் பின் வேண்டும், அது அவளிடம் இல்லை. "நல்லது அண்ணே, முன்னாடி கண்ணுல பட்டுடும், எனக்கே சங்கடமா இருக்கும்" என்றாள்.

நான் மன்னார்குடியில் இருந்து திரும்பிய பிறகு இரண்டு விஷயம் நடந்தன.

முதலாவது ஒரு சின்னத் தவறு. தங்கை தன் வீட்டுக்கு வாங்கிய மாவுக்கு 180 ரூபாயை அப்பாவின் கணக்கில் இருந்து கொடுத்துவிட்டாள். அவள் செயலியில் அவளுடைய கணக்கும் அப்பாவுடையதும் அடுத்தடுத்து இருக்கின்றன, அவசரத்தில் மாறிவிட்டது. அப்பா கவலைப்படவில்லை, தங்கை அன்றே ரொக்கத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஆனால் இது திரும்பத் திரும்ப நடக்கும் தவறு. நான் சொன்ன யோசனை, இந்தச் செயலியை அப்பாவுக்கு மட்டும் வைத்துக்கொள், உன் செலவுக்குப் பழைய செயலியே போதும் என்பது. அவள் கணக்கை இதில் இருந்து நீக்கினாள். இப்போது இந்தச் செயலியைத் திறந்தாலே அப்பாவின் பணம் என்று தெளிவாகிவிட்டது.

இரண்டாவது கொஞ்சம் பெரியது. பிப்ரவரி முதல் வாரம் மருந்துக் கடையில் 5,340 ரூபாய் பில். இரண்டு மாத மருந்தை ஒன்றாக வாங்கச் சொல்லியிருந்தார்கள். மாத வரம்பில் 7,000க்கு மேல் மிச்சம் இருந்தும் பணம் போகவில்லை. தங்கை பதற்றத்தோடு அழைத்தாள், பணம் அப்பா கணக்கில் பிடித்துவிட்டதோ என்று. அப்பாவுக்குக் குறுஞ்செய்தி எதுவும் வரவில்லை, அதனால் எடுக்கப்படவில்லை என்பது உறுதி. காரணம் பரிமாற்றத்துக்கு 5,000 என்ற தனி உச்சம். மாதத்தில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஒரே தட்டில் அதைத் தாண்ட முடியாது. கடைக்காரர் பில்லை இரண்டாகப் பிரித்தார். 3,100 ஒன்று, 2,240 ஒன்று. இரண்டும் போயின.

போனது சரி, ஆனால் அதோடு அந்த மாத வரம்பில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. மாதக் கடைசியில் மளிகைக்கு இடிக்கும் என்று கணக்குப் பார்த்தால் தெரிந்தது. வரம்பை உயர்த்தலாமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். இரண்டு மாத மருந்து என்பதால் மார்ச்சில் செலவு குறையும், இந்த மாத மளிகைக்கு நான் தங்கைக்கு அனுப்புகிறேன் என்றேன். ஒரு தடவை உயர்த்தினால் யாரும் குறைப்பதில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தங்கையின் போன் தொலைந்தால் என்ன செய்வது என்பதை ஒரு தாளில் எழுதி அப்பாவின் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அப்பாவின் செயலியைத் திற, சர்க்கிள் பகுதிக்குப் போ, தங்கை பெயரைத் தட்டு, நீக்கு. அவருடைய கணக்கோ பின்னோ மாற்ற வேண்டியதில்லை. ஊரில் இருந்தபோதே இதை ஒத்திகை பார்த்தோம். அப்பாவே நீக்கினார், தங்கையின் போனில் அப்பாவின் கணக்கு மறைந்தது, மறுபடி முதலில் இருந்து சேர்த்தோம். இருபது நிமிடம் ஆனது. இந்த ஒத்திகை இல்லாமல் விட்டிருந்தால், அவசரத்தில் அவர் என்னை அழைப்பார், நான் ரயிலில் சிக்னல் இல்லாமல் இருப்பேன். தெரியாத செலவு ஏதாவது குறுஞ்செய்தியில் வந்தால் முதலில் தங்கையைக் கேட்பது, அவள் இல்லை என்றால் உடனே நீக்கிவிட்டு வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அழைப்பது. அதையும் அதே தாளில் எழுதியிருக்கிறேன்.

இது எதற்கு உதவாது என்பதையும் தங்கையிடம் சொல்ல வேண்டியிருந்தது. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் முன்பணம் 20,000 கேட்பார்கள். முழு அனுமதி அதற்குப் போதாது, உயர்த்தினாலும் 15,000க்கு மேல் போகாது, அதுவும் ஐயாயிரம் ஐயாயிரமாக. அதற்கு என் கணக்குதான். நாளைக்கு அப்பாவால் பேங்க் வேலை எதுவுமே பார்க்க முடியாமல் போனால், அது வேறு விஷயம். அதற்கு இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கும் கூட்டுக் கணக்கு மாதிரி வங்கியிலேயே முறையாகச் செய்ய வேண்டியது. இந்தச் செயலி ஏற்பாட்டை அதற்குப் பதிலாக நினைக்கக் கூடாது. இந்தப் பேச்சை அப்பா முன்னால் எடுக்கத் தயங்கினேன். அவரே எடுத்தார், "நவம்பர்ல வரும்போது பேங்குக்கும் போயிட்டு வந்துடலாம்" என்று.

கிளம்பும் முன் பழைய பின்னை மாற்றச் சொன்னேன். பால் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று. புது எண்ணை எனக்கும் சொல்லவில்லை. போன வாரம் தங்கை போனில் சொன்னாள்: கடைக்குப் போகும்போது இப்போதெல்லாம் அப்பா தன் போனைக் கொடுப்பதில்லை, கேட்டாலும் கொடுப்பதில்லை, ஒரு போட்டோ பார்க்கக் கேட்டதற்குக்கூட "உன் போன்ல அனுப்பறேன்" என்றாராம்.